வராத காய்ச்சலுக்கு மருந்து

போன மாதம் தொண்டை அடைப்பானைத் தடுக்கும் முத்தடுப்பூசி போட்ட இரவு முழுக்கக் குழந்தை விஜயா காய்ச்சலில் கத்தித் தீர்த்தாள். அன்றே அவள் அப்பா தேவதாஸ் சொல்லிவிட்டான். இன்னொரு முறை இப்படி வந்தால் இதோடு ஊசி நிறுத்தம். அவன் சொன்னது சொன்னதுதான். மெர்டேக்கா என்ற சுதந்திரம் மலாயா நாட்டுக்குத்தான் வந்தது, காஜா பேராங்கில் இருந்த அந்த வீட்டுக்குள் வரவில்லை.

அதனால் இன்று புறப்படும் முன்பே சந்திரமதி, யாருக்கும் தெரியாமல், காய்ச்சல் சிரப்பில் ஒரு கரண்டி குழந்தைக்குப் புகட்டிவிட்டாள். முக்கியமாக, துணைக்கு வரும் நாத்தனார் கமலவேணிக்குத் தெரியக்கூடாது. தம்பி கிழித்த கோட்டைத் தாண்டாத அக்கா அவள்.

கிளினிக்கில் நர்ஸ் ருக்மணி மிஸ்ஸி ஊசி போடும் முன் கேட்டாள்.

"காலையில மருந்து ஏதும் கொடுத்தீங்களா?"

"இல்ல மிஸ்ஸி," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"நல்லது. வராத காய்ச்சலுக்கு மருந்து வேணாம். வந்து, புள்ள ரொம்பத் தவிச்சா மட்டும் கொடுங்க. இவ எடைக்கு அரைக் கரண்டி. பாட்டிலோட வந்த கரண்டியில. மறுபடி கொடுக்க ஆறு மணி நேரமாவது போகணும்."

சந்திரமதி குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகவில்லை, குழந்தையின் உடம்பு சுட்டது. கமலவேணி பாட்டிலைத் திறந்து அரைக் கரண்டி ஊற்றினாள். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கூடத்தில் தேவதாஸ் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தான். வாயைத் திறந்தால் அவன் காதில் விழும். திறக்காவிட்டால் மருந்து குழந்தையின் வாயில் விழும். சந்திரமதி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேணாம் அண்ணி! காலையிலேயே ஒரு கரண்டி கொடுத்துட்டேன்."

கமலவேணி திட்டுவாள் என்று பார்த்தால், அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, நீயுமா? நானும் ஒரு கரண்டி ஊத்துனேன்டி. காய்ச்சல் வந்தா தம்பி ஊசிய நிறுத்திடுவானேன்னு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையோடு கிளினிக்குக்கே ஓடினார்கள். என்ன ஏது என்று புரியாமல் தேவதாஸும் பின்னால் வந்தான். ருக்மணி மிஸ்ஸி திட்டத் தொடங்கி, இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திவிட்டு, டாக்டரைக் கேட்டு வந்தாள்.

"பயப்படாதீங்க. ஆனா ராத்திரி வரைக்கும் இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது. மெல்லிய சட்டை போடுங்க, அடிக்கடி பால் கொடுங்க. வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் முழிக்காம கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. ஊசிக் காய்ச்சல் ஒண்ணு ரெண்டு நாள்ல இறங்கிடும். அடுத்த மாசம் கடைசி ஊசி, மறந்துடாதீங்க."

"கடைசியாவது ஒண்ணாவது! ஊசியும் வேணாம், இந்தத் திருட்டு வைத்தியமும் வேணாம்," என்று தேவதாஸ் வாசலை நோக்கித் திரும்பினான்.

கமலவேணி வாசலை மறித்து நின்றாள். தம்பியை எதிர்த்து அவள் பேசிச் சந்திரமதி கேட்டதே இல்லை.

"என் புள்ளைக்கு ஊசியே போடல, தம்பி. காய்ச்சலுக்குப் பயந்துதான் போடல. அவனுக்குத் தொண்டைதான் அடைச்சுது. அதோட போயிட்டான்."