மூன்று வாக்கு

ஊரில் யார் வேலைக்கென்று வெளியூர் கிளம்பினாலும் பெரியவரிடம் ஆசி வாங்காமல் போகமாட்டார்கள். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார். காலில் விழுந்தவனின் உச்சந்தலையில் வலது கையை வைத்து மூன்று வாக்குச் சொல்வார்: உடம்புக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மனசில் இல்லாததை வாயால் சொன்னால் அது வாக்கே இல்லை என்பது அவர் கட்சி. ஒரு குடிகாரனுக்கு உடம்புக்கான வாக்கைச் சொல்ல மறுத்து, "முதல்ல அதை நிறுத்திட்டு வா" என்று திருப்பி அனுப்பிய மனுஷர்.

இன்று கிளம்புகிறவன் அவருடைய செத்துப்போன தம்பியின் மகன். நகரத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. வருஷக்கணக்கில் நாயாக அலைந்து கிடைத்தது.

அவன் அம்மா நேற்றே தனியாக வந்து சொல்லிவிட்டாள். அவளுக்கு வயிற்றில் கட்டி முற்றிவிட்டதாம். மழைக்காலம் வரை தாங்கினால் பெரிசு என்று டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

"தெரிஞ்சா அவன் போகமாட்டான், மாமா. நீங்க வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணிக்கொடுத்தார். அப்போது அது பெரிய மனுஷத்தனமாகத்தான் தோன்றியது.

இப்போது அவள் மகனோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் பவுடர் கொஞ்சம் தூக்கல்.

"பாருங்க பெரியப்பா, எனக்கு முன்னாடி அம்மா பஸ் ஏறிடுவாங்க போலிருக்கு" என்று சிரித்தபடியே பையைக் கீழே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்தான்.

பெரியவர் அவன் தலையில் கை வைத்தார். "உடம்பு நல்லா இருக்கணும். கை வச்ச வேலை நல்லா நடக்கணும்."

அடுத்தது, திரும்பி வரும்போது வீட்டில் எல்லாரையும் நல்லபடியாகப் பார்க்க வேண்டும் என்பது. எத்தனையோ பேருக்குத் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய வாக்கு. நாக்கு எழவில்லை. ஒரே ஒரு பொய்தானே, சொல்லித் தொலையேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். கைக்கடியில் இருந்ததோ குழந்தையாக அவர் தோளில் தூங்கிய தலை. அதன்மேல் கை வைத்துக்கொண்டு அவரால் முடியவில்லை.

"போயிட்டு வாப்பா" என்று கையை எடுத்துவிட்டார்.

அவன் உடனே எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு நடந்தான். அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

தெருமுனையில் பஸ் நின்றது. படியில் ஒரு காலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். கண்டக்டர் ஏதோ கத்தினார். அவன் காலை எடுத்தான். பஸ் போய்விட்டது.

திரும்பி வந்தவன் பெரியவர் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக அம்மாவிடம் போய், "உனக்கு என்னம்மா?" என்றான்.

அவள் கதவோடு சரிந்து உட்கார்ந்தாள். அவள் பார்வை பெரியவரிடம் போயிற்று. "ஏன் மாமா சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா" என்றார் பெரியவர். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.