பேர் கட்டம்

வத்தல்மலைக்கு நர்ஸ் கிடையாது என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. டாக்டர் அருள்நாதன் கணக்குத் தாள்களை மேசையில் தட்டி அடுக்கினார்.

"மலையில ஒரு வருசத்துல ஒரு குழந்தைகூட சாகல. கீழதான் சாவு ஜாஸ்தி. ராஜமேரி, நம்மகிட்ட இருக்கறது ஒரே நர்ஸ். அந்தப் பொண்ணைக் கீழயே போட்டுடலாம்."

கணக்கெடுப்பைக் கவனித்துக்கொண்ட ராஜமேரிக்கு மனம் ஒப்பவில்லை. ரோடு இல்லாத, கரண்ட் இல்லாத, பிரசவ வலி வந்தால் டோலி கட்டித் தூக்கி வரும் மலையில் குழந்தையே சாகவில்லையாம்! கேட்கிறவன் கேனையனாக இருந்தால் நம்பலாம். ஆனால் வீடு வீடாகக் கேட்ட அந்தக் கேள்வித் தாளைத் தயாரித்தவளே அவள்தான். ஸ்டென்சில் வெட்டி, கை நிறைய மையோடு சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டிப் பிரதி எடுத்தவள். குறை சொல்வதென்றால் முதலில் தன்னைத்தான் சொல்ல வேண்டும்.

கீழ் ஊர்களுக்குக் கணக்கெடுத்தவள் தெரசா, மலைக்கு ராமக்கா. இரண்டு பேரும் வேலையில் கள்ளம் இல்லாதவர்கள். எதற்கும் நேரில் பார்ப்போம் என்று ராஜமேரி மலையேறினாள்.

ராமக்கா அழைத்துப் போன முதல் வீட்டில் சின்னக்கா என்றொருத்தி கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். மார்பைச் சுற்றி ஒரு பழந்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். ராஜமேரி அந்தக் கட்டையே பார்த்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டிக்கொண்ட வலிக்கு அவளும் ஒருமுறை அப்படிக் கட்டியிருக்கிறாள். அந்த வீட்டின் தாளை எடுத்துப் பார்த்தாள். இந்த வருடம் பிறந்த குழந்தைகள் என்ற இடத்தில் ஒரு கோடு. இறந்தவை, அதிலும் கோடு.

வெளியே வந்ததும் கேட்டாள். "ராமக்கா, அந்தம்மாவுக்குக் குழந்தை பொறந்துச்சுல்ல?"

"பொறந்துச்சுங்க. நாலாம் நாளு போயிருச்சு."

"அப்பறம் ஏன் எழுதல?"

ராமக்கா திகைத்தாள். "மொதக் கட்டமே பேருன்னு போட்டிருக்கீங்க. அதுக்கு இன்னும் பேரே வெக்கலையேங்க. பேரு வெக்காத புள்ளைய எங்க ஊர்ல எண்ண மாட்டோம். இன்னும் எத்தனையோ வூட்ல அப்பிடித்தான் வுட்டுட்டேன்."

ராஜமேரி அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய முதல் பிள்ளை ஒரு பகல் உயிரோடிருந்தது. மாமியார் ஓடி வந்து நெற்றியில் தண்ணீர் ஊற்றி, ஸ்தனிஸ்லாஸ் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். பேர் இல்லாத குழந்தை என்று ஒன்று இருக்கும் என்பதே ராஜமேரிக்குத் தோன்றியதில்லை. தெரசாவுக்கும் தோன்றியிருக்காது. கீழே தெரசா எல்லாவற்றையும் எழுதினாள், மலையில் ராமக்கா விட்டுவிட்டாள். வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்தன.

திரும்பி வந்து புதுத் தாள் செய்தாள். முதல் கேள்வி, இதுவரை எத்தனை முறை பிரசவம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு வரி. பிறந்தது எப்போது? பிறந்தவுடன் அழுததா, மூச்சு விட்டதா, அசைந்ததா? ஒன்று நடந்திருந்தாலும் உயிரோடு பிறந்ததாகவே எழுத வேண்டும். இப்போது இருக்கிறதா? இல்லையென்றால், ஒரு மாதத்துக்குள் போனதை நாளிலும், அதற்கு மேல் மாதத்திலும் எழுத வேண்டும். பேர் கட்டத்தைக் கடைசிக்குத் தள்ளினாள். பக்கத்தில் 'பேர் வைக்கவில்லை' என்று இன்னொரு கட்டம். கோடு கூடாது, வெற்றிடமும் கூடாது. இல்லையென்றால் சைபர், தெரியாவிட்டால் 'தெ'. கேள்வியை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும்.

தெரசாவையும் ராமக்காவையும் ஒரே வீடுகளுக்குத் தனித்தனியே அனுப்பிப் பார்த்தாள். இரண்டு பேர் தாள்களும் ஒத்துப்போன பிறகுதான் கட்டுக்கட்டாக உருட்டினாள்.

மறுபடி கணக்கெடுத்து முடிந்ததும் ராமக்கா மலை வீடுகளின் தாள் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் கூட்டிப் பார்த்தார். திரும்பவும் ஒருமுறை கூட்டினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நர்ஸ் மலைக்குத்தான்" என்றார். எழுந்து போனார்.

ராமக்கா மட்டும் போகவில்லை. இடுப்பு மடிப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள்.

"இது எங்க வூட்டுதுங்க. போன தடவ ரெண்டு புள்ளைன்னு எழுதியிருந்தேன். இப்ப மூணு வரி போட்டிருக்கேன். மூணாவதுல ஒரு கட்டம் நெரப்பலீங்க. படிச்சு கேக்கணும்னு சொன்னீங்க, எனக்கு நானே எப்பிடிக் கேட்டுக்கறது?"

ராஜமேரி தாளை வாங்கினாள். எழுத்துக்கள் கலங்கித் தெரிந்தன. அச்சில் உள்ளபடியே படித்தாள்.

"பிறந்தவுடன் அழுததா?"

"அழுதுச்சுங்க" என்றாள் ராமக்கா. "நல்லா அழுதுச்சு. இத்தன வருசத்துல இத யாரும் என்கிட்ட கேக்கலீங்க."