பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில்

ஒரு மனிதன் ஒரு தடவைதான் சாக முடியும் என்பதில் அந்தக் கிழக்குக் கோடித் தீவின் பதிவு அலுவலகத்தின் மூன்றாவது சன்னல் குமாஸ்தாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

"கம்பெனிக்காரன் கடிதத்துல பதிமூணு. மொழிபெயர்ப்புல பதினாலு. உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை செத்தாராம்மா?"

அவளுக்குப் பின்னால் நின்ற கொழுந்தன்தான் முன்னே வந்தான்.

"சார், போன ஆளு ஒரு ஆளுதான். காகிதம்தான் ரெண்டு."

"அதைத்தான் நானும் சொல்றேன் தம்பி. ஒரே தேதியாக் கொண்டாங்க. எது சரின்னு நான் சீட்டுப் போட்டா பார்க்க முடியும்?"

"பதிமூணுதான் சரி" என்றாள் அவள். அவ்வளவு நேரம் கல்லைப் போல நின்றவள் சட்டென்று பேசியதில் குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீங்க சொன்னா ஆச்சாம்மா? ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்தானே மூலம். அது அந்த நாட்டுப் பிறைக் கணக்குல இருக்கு. இந்தப் பக்கத்து டைப்பிங் கடைக்காரன் அதைப் பதினாலுன்னு மாத்திக் குடுத்திருக்கான். நல்ல மொழிபெயர்ப்பாளராப் பார்த்து எழுதி வாங்கிட்டு வாங்க. ஒரு தடவை பதிவேட்டுல ஏத்திட்டா அப்புறம் மாத்த நாய் படாத பாடு படணும்."

வெளியே வந்ததும் கொழுந்தன் சிரித்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டவர்களிடம் பேசிப் பேசி, எந்த நெருக்கடியிலும் ஒரு சிரிப்பைப் பிடித்துக்கொள்ளப் பழகியவன். அண்ணன் போன இந்த இரண்டு மாதத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் இற்றுப்போயிருந்தது.

"பதினாலுன்னே விட்டுடலாமே அண்ணி. நம்ம வீட்ல எல்லாரும் பதினாலுன்னுதானே சொல்றோம். அம்மாவுக்கும் அதுதான் மனசுல பதிஞ்சிருக்கு. கம்பெனிக்காரன்கிட்ட வேற கடிதம் கேட்டா குடுத்துட்டுப் போறான்."

"பதிமூணுதான்."

"ஒரு நாள்ல என்ன வந்துடப் போகுது?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு நாளில் என்ன வந்துவிடும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

பதினான்காம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது, விடுதிச் சலவைக்கூடத்து வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், அவருக்குக் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தாள். வெளிநாட்டு வேலையிலிருந்து வீட்டுக்கு வருவதை மூன்றாவது தடவையாகத் தள்ளிப் போட்டிருந்தார். 'அடுத்த மாசம் கண்டிப்பா' என்று முந்தின நாள் எழுதியிருந்தார். அந்தக் 'கண்டிப்பா'வைப் பார்த்துப் பார்த்து ராத்திரி முழுக்க வெந்து, காலையில் கொட்டிவிட்டாள். "நீங்க இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான். வரவே வேணாம். அங்கேயே கிடங்க. எனக்கு இனிமே போன் பண்ணாதீங்க." அனுப்பிவிட்டு போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பதினைந்தாம் தேதி கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. மாரடைப்பு. அங்கேயே அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. செய்தி வந்த உடனே அவள் செய்த முதல் காரியம், அவரோடு பேசியதெல்லாம் இருந்த பக்கத்தைப் போனிலிருந்து ஒட்டுமொத்தமாக அழித்ததுதான். அவர் கேட்டாரா இல்லையா என்று அந்தப் பக்கம் சொல்லிவிடுமோ என்ற பயம். அப்புறம் கம்பெனிக் கடிதம் வந்தது. அதில் பதின்மூன்று. அன்றைக்குத்தான் அவளால் ஒரு வாய் சாப்பிட முடிந்தது. பதின்மூன்றில் போனவர் பதினான்கில் பேசியதைக் கேட்க முடியாது. எய்த அம்பு போய்ச் சேருவதற்குள் ஆள் எழுந்து போய்விட்டார். நாட்டுக்கு நாடு மணி மாறும் என்பது தெரியாதவள் அல்ல அவள். ஆறு வருடமாக அந்த மணியைப் பார்த்துப் பார்த்துத்தான் போன் பண்ணினாள். ஆனால் இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவே இல்லை. புண்ணை யார் சொறிந்து பார்ப்பார்கள்?

மொழிபெயர்ப்பாளர் அம்மாவின் அறை ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. கீழே சக்கரத்துக்குக் காற்று அடிக்கும் சத்தம் அவ்வப்போது தரை வழியாக ஏறி வந்தது. மேசை நிறையப் பிறப்பும் இறப்பும் கல்யாணமும் விவாகரத்தும் தனித்தனி உறைகளில் கிடந்தன. அந்த அம்மா ஆஸ்பத்திரிச் சான்றிதழை வலமிருந்து இடமாக, விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து இரண்டு தடவை படித்தார்.

"டைப்பிங் கடைக்காரன் தேதி மாத்தற அட்டவணையைப் பார்த்திருக்கான். மணியைப் பார்க்கலே" என்றார். "எட்டாம் பிறைக்கு எதிரே பதினாலுன்னு அட்டவணையில இருக்கும். அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிச்சுட்டான்."

"அப்போ பதினாலு தப்பா?" என்றான் கொழுந்தன்.

அந்த அம்மா ஒரு தாளை எடுத்து ஸ்கேல் வைத்து நீளமாக ஒரு கோடு கிழித்தார்.

"இங்க பாருப்பா. நமக்கு நடுராத்திரியில தேதி மாறுது. இந்த ஆஸ்பத்திரியில பிறைக் கணக்கு. பொழுது சாஞ்ச உடனேயே அடுத்த தேதி பிறந்துடும்." கோட்டில் ஒரு புள்ளி வைத்தார். "பதிமூணாம் தேதி சாயங்காலம் ஆறே கால். சூரியன் விழுந்தாச்சு. அவங்களுக்கு எட்டாம் பிறை ஆரம்பம். அது மறுநாள், பதினாலாம் தேதி சாயங்காலம் வரைக்கும் ஓடும். பகல் பூரா பதினாலுல வர்றதால அட்டவணைக்காரன் எட்டுக்கு நேரே பதினாலுன்னு போட்டுட்டான். பகல்ல செத்திருந்தா அது சரி."

"அண்ணன் எப்போ..."

"இரவு பதினொண்ணு பத்து." கோட்டில் இன்னொரு புள்ளி. "பொழுது சாஞ்சாச்சு, அதனால பிறைக் கணக்குல எட்டு. ஆனா நடுராத்திரி ஆக இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. அதனால நம்ம நாட்காட்டிக்குப் பதிமூணு. ஆள் எங்க இறந்தாரோ அந்த ஊர்த் தேதிதான் பதிவேட்டுல ஏறணும். கம்பெனிக் கடிதம் சரி."

அவளுக்கு மூச்சு வந்தது. "நான் சொல்லலே?" என்றாள் கொழுந்தனிடம். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் குரலில் ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றது.

"நீங்கதான் அண்ணி ஜெயிச்சீங்க" என்றான் அவன். பிறகு தாளின் மேல் குனிந்தான். "ஆனா நாங்க வீட்ல பதினாலுன்னு சொல்லிட்டிருந்தது முழுக்கத் தப்புன்னு அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

"தப்புன்னு யார் சொன்னா? கிழக்குக் கோடியில இருக்கிறதால அந்த ஊரைவிட நாம எட்டு மணி நேரம் முன்னால இருக்கோம். அங்க பதிமூணு ராத்திரி பதினொண்ணு பத்துன்னா, இங்க பதினாலு காலையில ஏழு பத்து. அவர் உயிர் போனப்போ உங்க வீட்டு நாட்காட்டியில பதினாலுதான். அதையும் குறிப்புல ஒரு வரி போட்டுடறேன். குமாஸ்தா வாயை அடைக்கும்."

விசைப்பலகை தட்டும் சத்தம். கீழே காற்று அடிக்கும் சத்தம்.

காலை ஏழு பத்து. அவள் அப்போது ஈரப் படுக்கை விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். ஐந்து நாற்பது என்றால் அங்கே ஒன்பது நாற்பது. ராத்திரி ஒன்பது நாற்பது. வேலை முடிந்து, குளித்து, கட்டிலில் கால் நீட்டிப் போனைக் கையில் எடுக்கிற நேரம். ஆறு வருடமாக அவர் அந்த நேரத்தில்தான் போனை எடுப்பார்.

"அதுல வேற என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

"வழக்கமா எழுதறதுதான். பத்து மணிக்கு நெஞ்சுவலி ஆரம்பிச்சதா கூடத் தங்கியிருந்தவர் சொல்லியிருக்கார். பத்து இருபத்தஞ்சுக்குச் சேர்த்திருக்காங்க. பதினொண்ணு பத்துக்கு..." அந்த அம்மா நிறுத்தினார். "என்னம்மா, தண்ணி வேணுமா?"

இருபது நிமிடம். ஒன்பது நாற்பதுக்கும் பத்துக்கும் நடுவே இருபது நிமிடம்.

"அந்த வரி வேணாம்" என்றாள்.

"எந்த வரி?"

"இங்க எத்தனை மணின்னு போட்டீங்களே, அது."

"ஏன் அண்ணி? இருந்தா நல்லதுதானே?" என்றான் கொழுந்தன். அந்த அம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனையோ பேருடைய சாவை எழுதிய கை அது.

"தேதிக்கு அது அவசியமில்லே. எடுத்துடலாம்." ஒரு விசையை அழுத்திப் பிடித்தார். திரையில் அந்த வரி வாலிலிருந்து தலைவரை கரைந்து போயிற்று.

"அவர் அன்னைக்கு ராத்திரி போனைப் பார்த்தாரான்னு இதுல எங்கேயாவது..." அவள் முடிக்கவில்லை.

"இல்லேம்மா. அதெல்லாம் ஆஸ்பத்திரியில எழுத மாட்டாங்க." முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்: "பார்க்கலேன்னு நான் சொன்னா உனக்கு ஆறுதலா இருக்கும்னா சொல்லிடுவேன். ஆனா எனக்குத் தெரியாதே."

மூன்றாவது சன்னலில் குமாஸ்தா குறிப்பைப் படித்துத் தலையை ஆட்டினார். "பொழுது சாஞ்சா தேதி மாறுமா! நல்ல வேளை நம்ம ஆபீஸ்ல அப்படி இல்லே, சாயங்காலம் வர்றவனுக்கெல்லாம் நாளைக்கு வான்னு சொல்ல முடியாமப் போயிடும்." பேனாவை நீட்டினார். "பதிமூணு. சரியாப் பார்த்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க. எனக்குத் தெரிந்தவரை உண்மைன்னு கீழே இருக்கே, அங்க."

அவள் போட்டாள். இரண்டு மாதமாகக் கட்டிக்காத்த பதின்மூன்று பதிவேட்டில் பளிச்சென்று ஏறியது. வெறும் எண்ணாக.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்ததும் கொழுந்தன் அம்மாவைக் கூப்பிட்டான். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவான். கோட்டையும் புள்ளிகளையும் கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். கிழவிக்குக் கோடு புரியவில்லை, மணி புரிந்தது.

"அப்போ நம்ம காலையில ஏழு மணி வரைக்கும் எம்புள்ள உசுரோடதான் இருந்தானா?"

"ஆமாம்மா. ஏழு பத்து."

"அடப்பாவி. அநாதை மாதிரிப் போயிட்டானேன்னு நான் தினமும் செத்துக்கிட்டிருக்கேன். அந்தக் காலையில யாருமே அவன்கூடப் பேசலியா? நீ பேசினியா?"

"நான் தூங்கிட்டிருந்தேன்மா."

"அவ? அவ விடிகாலையில எந்திரிப்பாளே. அவகிட்ட குடு."

கொழுந்தன் போனை அவள் பக்கம் திருப்பினான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான்.

"பேசினேன் அத்தை" என்றாள். "அஞ்சு நாப்பதுக்கு. குரல் அனுப்பினேன்."

கிழவி அழ ஆரம்பித்தாள். இரண்டு மாதமாக அழுத அழுகை இல்லை இது; கட்டு அவிழ்ந்த அழுகை.

"என் தாயி. இதை ஏன் இத்தனை நாளா சொல்லலே? உன் குரலைக் கேட்டுக்கிட்டுத்தான் போயிருக்கான் எம்புள்ள. போதும்டி எனக்கு. இது போதும்."

கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் தோளை லேசாகத் தொட்டான்.

"என்ன தாயி சொன்ன அவன்கிட்ட?" கிழவியின் குரல் பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. "எனக்குச் சொல்லு. ஒரு வார்த்தை விடாமச் சொல்லு."