கிழியாத ஸ்டிக்கர்

படாரென்று ஜன்னல் கண்ணாடி உடைந்தது. கைப்பிடி அளவுக் கல் ஒன்று உள்ளே பாய்ந்து, மேசையிலிருந்த ரசீதுகளைச் சிதறடித்து, டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்க உட்கார்ந்திருந்த அவள் மடியில் வந்து விழுந்தது.

"சாக்கை வெளிய தூக்கிப் போடுடீ!"

மலை இறங்கும் சோதனைச் சாவடிக்கு வெளியே மொட்டை நின்றான். பின்னால் மூன்று பேர், கையில் கட்டைகள். டெபாசிட் வாங்க நின்றிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நாலாபக்கமும் தெறித்தது. ஒரு குண்டு மனிதர் மட்டும் காலி சிப்ஸ் பாக்கெட்டை ஆட்டினார்.

"தம்பி, அந்தப் பொண்ணை எனக்கு டெபாசிட்டைக் குடுக்கச் சொல்லு, அப்புறமா அடிச்சுக்கங்கப்பா!"

அவர் முதுகில் ஒரு கட்டை விழுந்தது. அவரும் ஓடினார்.

அவள் சாக்கைக் கால்களுக்கிடையே இழுத்துக்கொண்டாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் மொட்டையே கொண்டுவந்த சாக்கு அது. உள்ளே முந்நூறு காலி உறைகள். எல்லாவற்றிலும் இன்றைய பச்சை ஸ்டிக்கர்.

மலையேறும் வாசலில் பைகளைச் சோதித்து, ஒவ்வொரு தின்பண்டப் பாக்கெட்டுக்கும் டெபாசிட் வாங்கி, அதன் வாய் ஒட்டியிருக்கும் இடத்தின் குறுக்கே ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இறங்கும்போது உறையைக் காட்டினால் பணம் திரும்பும். கொடுத்த உறையை அவள் இரண்டாக வெட்டிவிடுவாள், மறுபடி யாரும் நீட்டாதபடி. மூன்று நாளாக டெபாசிட் கட்டியவர்களைவிடத் திரும்ப வாங்கியவர்கள் அதிகம். உறைகளை வெட்டாமல் வைத்துக்கொண்டு அவளே மறுபடி சுற்றிவிட்டுப் பணம் எடுக்கிறாள் என்றது வனத்துறை அலுவலகம். நான்கு மணிக்கு ரேஞ்சர் வருகிறார். கணக்குச் சொல்லாவிட்டால் இன்றோடு வேலை போச்சு.

அவளைக் காப்பாற்ற அந்தச் சாக்கு ஒன்றே இருந்தது. பாக்கெட்டின் வாயைப் பிரிக்காமல் சிப்ஸ் தின்ன முடியாது. பிரித்தால் ஸ்டிக்கர் கிழிந்தே தீரும். மொட்டை கொண்டுவந்த முந்நூறிலும் ஒன்றுகூடக் கிழியவில்லை. அடிவார ஊர்க் குப்பையில் பொறுக்கிய உறைகளில், யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஸ்டிக்கரை அழகாக ஒட்டியிருந்தார்கள்.

"ஸ்டிக்கர் கிழியாம எப்படிய்யா தின்னீங்க, மூக்கால உறிஞ்சினீங்களா?" என்று அவள் கேட்டதும் மொட்டை சாக்கைப் போட்டுவிட்டு ஓடினான். இப்போது ஆள்களோடு திரும்பியிருந்தான்.

வாசலில் நின்ற சாவடிக் காவலாளி கம்பை ஓங்கினார். கட்டை அவர் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் உள்ளே வரை கேட்டது. அடுத்த நொடி கதவு உதைபட்டுத் தாழ்ப்பாளோடு பிய்ந்து வந்தது.

உள்ளே பாய்ந்தவன் அவள் கூந்தலைப் பற்றி மேசையில் நெற்றியை மோதினான். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கை தடவியதில் கத்தரிக்கோல் கிடைத்தது. குத்தினாள். அவன் தொடையைப் பிடித்துக்கொண்டு அலறிச் சரிந்தான். இரண்டாமவன் அவள் வயிற்றில் எட்டி உதைத்தான். அவள் சாக்கின் மேலேயே கவிழ்ந்து, இரண்டு கைகளாலும் அதன் வாயைப் பற்றிக்கொண்டாள்.

"விடுடீ! குப்பைக்கா உயிரை விடப் போற?"

"இது குப்பை இல்லடா, என் சோறு!"

முதுகில் அடி. மறுபடி அடி. உதட்டில் ரத்தம் உப்புக் கரித்தது.

அப்போதுதான் மலையேறும் வாசலிலிருந்து அவள் கணவன் ஓடிவந்தான். அங்கே ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. கையில் இரும்புத் தடி. அவளுக்கு உயிர் வந்தது.

"என்னங்க, அடிங்க! ரேஞ்சர் வர்ற வரைக்கும் தாங்கினாப் போதும்!"

அவன் தடியை ஓங்கவில்லை. மொட்டையின் ஆள்களும் அவனைத் தொடவில்லை, வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவன் குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"சாக்கைக் குடுத்துடுடீ. உயிரோட இருந்தா வேற வேலை பாத்துக்கலாம்."

"திருடிங்கற பேரோடயா? மாட்டேன்."

"குடுன்னா குடு!"

அவன் மணிக்கட்டை முறுக்கினான். அவள் விடவில்லை. தடியின் பிடியால் அவள் விரல்களின் மேல் ஓங்கி அடித்தான். இரண்டு விரல்கள் ஒடிந்தன. அவள் மற்றக் கையால் சாக்கின் வாயை இறுக்கினாள். அவன் முகத்தையே பார்த்தாள்.

கீழ் வளைவில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. மொட்டைக்குப் பொறுமை போயிற்று. கணவனின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு அறைந்தான்.

"என்ன மாப்ள, ஸ்டிக்கர் ரோலைக் கையில குடுத்தப்ப, 'ஜன்னல்ல இருக்கறது என் பொண்டாட்டிதான், நீட்டினா வாங்கிப்பா, பழி வந்தாலும் அவளோட போயிடும்'னு நீதானடா சொன்ன?"