பல்லில்லா வாய்க்கு எந்தக் கறி

வீட்டம்மாவுக்கு மேலும் கீழும் அத்தனை பல்லையும் எடுத்தாகிவிட்டது. ஈறு ஆறி, பல்செட் மாட்ட மூன்று மாதம் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவள் கைக்குட்டையால் வாயை மூடியபடி நடமாடினாள். பேச்சு கிடையாது, சைகைதான். சாப்பாடும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக. நாற்பத்தோரு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர் அவள் கணவர், தபால்காரர். இப்போது எதிர் நாற்காலி அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

கறி வாங்கும் இலாகா எப்போதும் அவளுடையது; இப்போது அது அவர் தலையில் விழுந்தது. கறிக்கடைக்காரர் காலையில் தட்டுகளைப் படம் பிடித்து எல்லா வாடிக்கையாளருக்கும் போனில் அனுப்புவார். வேண்டியதை விரலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினால் எடுத்து வைத்துவிடுவார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதிய முகவரியையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு படித்த தபால்காரருக்கு, அந்தப் படம் மட்டும் வேற்றுக்கிரகத்து வரைபடம்.

பல்லில்லை என்றால் எலும்பு இருக்கக் கூடாது என்று முடிவு கட்டினார். முதல் தடவை வெளுத்து அகலமாக இருந்த கோழித்துண்டுக்கு வட்டம் போட்டு, ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டார். விளக்குமாறு கூட அதைவிட மிருதுவாக இருந்திருக்கும். அடுத்து, எலும்பும் கொழுப்பும் இல்லாத ஆட்டுக்கறி. பத்தே நிமிஷம் வறுத்தார். லாரி டயர் தோற்றது. தட்டு இரண்டு முறையும் தொடாமலே திரும்பி வந்தது. அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் கடைக்கே போனார்.

“ஐயா, நீங்க முதல்ல வாங்கினது கோழி நெஞ்சுக்கறி. அதைச் சீக்கிரம் இறக்கிடணும், விட்டா வறண்டுடும்” என்றார் கடைக்காரர். “அப்புறம் வாங்கினது ஆட்டுத் தொடை. கொத்திக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம், இல்லே பொறுமையா வேகவிட்டிருக்கலாம். பத்து நிமிஷத்துல எப்படிங்க?”

“பல்லே இல்லாதவளுக்கு எதுய்யா வாங்கணும்?”

“ஆட்டுக் கழுத்து. வட்டத் துண்டா இருக்கும், நடுவுல கரடுமுரடா எலும்பு, அதுல ஒரு ஓட்டை. சின்னத் தீயில விட்டுடுங்க. எலும்பு தானா நழுவும், கறி நாக்காலேயே நசுங்கும்.”

மறுநாள் படம் வந்தது. தபால்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வட்டத் துண்டையும் ஓட்டையையும் கண்டுபிடித்துக் கழுத்துக்கு வட்டம் போட்டு அனுப்பினார். புதுக் கண்டம் கண்டுபிடித்தவனுக்குக் கூட அவ்வளவு நெஞ்சு விம்மியிருக்காது. ஆனால் கறி வந்தாலும் அவள் கதவைச் சாத்திக்கொண்டுதானே தின்பாள்? அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு ஒரு குறும்பு தோன்றியது.

போனைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

“இதோ பாரு, சீப்பு மாதிரி எலும்பு வரிசையா இருக்கே, இதான் கால். சூப்புக்கு எடுத்துடறேன்.”

கைக்குட்டைக்கு மேல் இரண்டு கண்கள் விரிந்தன.

“இந்த விசிறி மாதிரி தட்டை எலும்பு இருக்கே, இது விலா. ரெண்டு பக்கமும் சட்டுனு பொரிச்சுடலாம்.”

அவள் கை கரண்டியை இறுக்கிப் பிடித்தது.

“கோழித் தொடைன்னா இதான், வெள்ளை வெளேர்னு—”

“ஐயோ கடவுளே!” கைக்குட்டை தரையில் கிடந்தது. “சீப்பு மாதிரி இருக்கறதுதாங்க விலா! பொரிக்கறது அது! தட்டை எலும்பு முன்னந்தோள், குழம்புக்குப் போடறது. கால்னா ஒல்லியா, உள்ளே மஜ்ஜையோட இருக்கும். கோழித் தொடை கருப்பா, நடுவுல ஒரு எலும்போட இருக்கும். எத்தனை நேரம் வெந்தாலும் காயாது. நாற்பது வருஷமா என்னத்தைத் தின்னீங்க? குடுங்க இங்கே! கழுத்தை வாங்கணும்னு கூடத் தெரியலையே மனுஷனுக்கு!”

போனைப் பிடுங்கினாள். படத்துக்குக் கீழே கடைக்காரரின் பதில் இருந்தது: ‘கழுத்து முக்கால் கிலோ எடுத்து வெச்சாச்சு ஐயா.’ அதற்கு மேலே, கழுத்தைச் சுற்றி அவர் போட்ட கோணல் வட்டம்.

அவள் வட்டத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“திருட்டு மனுஷா” என்றாள். அப்புறம் சிரித்தாள். மறைக்க மறந்து, ஈறெல்லாம் தெரிய, பிறந்த குழந்தை மாதிரி.

“ரொம்ப அசிங்கமா இருக்கா?”

“இத்தனை நாள் ஒளிச்சு வெச்சியேடி பாவி” என்றார் அவர்.

கழுத்துக்கறி வெங்காயத்தோடும் மிளகோடும் இரண்டரை மணி நேரம் சின்னத் தீயில் கிடந்தது. அவர் எண்பது தடவையாவது மூடியைத் திறந்து பார்த்திருப்பார், “திறந்துட்டே இருந்தா எப்படி வேகும்?” என்று எண்பது தடவையும் திட்டு வாங்கினார். ஒவ்வொரு திட்டும் தேன்.

மேஜையில் எலும்புகளை அவர் தட்டுக்கு ஒதுக்கிவிட்டு, அவள் ஒரு வாய் எடுத்து மெதுவாக நசுக்கினாள்.

“உப்புக் கம்மி” என்றாள், எதிர் நாற்காலியிலிருந்து.