சாவிப் படம்

முதல் அடி குழம்பு ஆறிப்போனதற்காக விழுந்தது என்றுதான் பல்கீஸ் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தாள். நம்பாமல் என்ன செய்வாள்? காரணம் என்று ஒன்று இருந்தால்தானே அதைச் சரிசெய்ய முடியும்.

காயல்பட்டினத்தில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுக்குக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு வந்து இருப்பார். பல்கீஸின் வாப்பா கொழும்புக் கடையில் நின்று நின்று கால் வீங்கிச் சம்பாதித்ததை எல்லாம் ஊரோடு திரும்பி வந்ததும் போட்டு, உம்மா வீட்டிலிருந்து இரண்டு முடுக்குச் சந்து தள்ளி ஒரு மாடி வீடு கட்டினார்; அதை மகள் பேரிலேயே பதிந்தும் கொடுத்தார். நவாஸ் துபாய் வேலையை விட்டுவிட்டு வந்து, பஜாரில் செல்போன் கடை போட்டு, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை ஆனான். வரும்போது இரண்டு பெட்டியும் ஒரு மைக்ரோவேவ் ஓவனும் கொண்டுவந்தான்.

கட்டில் அவளுடையது. பீரோ அவளுடையது. அவன் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடிகூட அவள் வாப்பா வாங்கி மாட்டியது. அவனுடையது என்று சொல்ல அந்த வீட்டில் ஓவன் ஒன்றுதான் இருந்தது. வாய் திறந்தால் 'என் ஓவன்' என்பான், ஏதோ பெற்று வளர்த்த பிள்ளையைச் சொல்வதுபோல.

அதன் முகப்பில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். அலை, காற்றாடி, பனிப்பூ, மீன், கோழிக்கால், கடிகாரம். கூட வந்த புத்தகத்தை எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்றான். விறகடுப்பும் கேஸ் அடுப்பும் தெரிந்த பல்கீஸ், கடிகாரப் படம் நேரத்துக்குத்தானே இருக்கும் என்று அதை அமுக்கிச் சீலா மீன் குழம்பை உள்ளே வைத்தாள். நேரம் ஓடியது, மணியும் அடித்தது. எடுத்துப் பரிமாறினாள். முதல் கவளத்திலேயே தட்டு சுவரில் போய் உடைந்தது. அடுத்தது அவள் கன்னம்.

"பொணம் மாதிரி சில்லுன்னு இருக்கு. இததான் ஒங்க உம்மா ஒனக்குச் சொல்லிக் குடுத்தாளா?"

அடுத்த வாரம் ஓவன் பேசவே இல்லை. கதவைத் திறந்தால் விளக்கு எரிந்தது, மணி காட்டியது, எந்தப் படத்தை அமுக்கினாலும் அசையவில்லை. கெடுத்துவிட்டாள் என்று முடுக்குக்கே கேட்கக் கத்திக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினான். பக்கிள் பட்டு முதுகில் தோல் கிழிந்தது. பல்கீஸ் உம்மா வீட்டுக்குப் போகவில்லை. தங்கச்சிக்கு அப்போதுதான் நிச்சயம் பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்த லாத்தா வாழாவெட்டியாக இருக்கிற வீட்டில் யார் சம்பந்தம் செய்வார்கள் என்று நாலு பேர் கேட்பார்களே. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மெக்கானிக்கை வரச்சொன்னாள்.

ஆறுமுகநேரியிலிருந்து மெக்கானிக் பால்துரை வந்து நின்றபோது நவாஸ் ஏற்கெனவே ஓவன் பக்கத்தில் நின்றிருந்தான். பால்துரை அமுக்கினான், ஓவன் சமர்த்தாக ஓடியது.

"இதுல ஒரு குத்தமும் இல்லையே அண்ணாச்சி. வீட்டுல உள்ளவங்களுக்குக் கை பழகல போல."

அவன் வண்டிச் சத்தம் முடுக்குத் திரும்பும்வரை நவாஸ் சிரித்துக்கொண்டே நின்றான். அப்புறம் அவள் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஊரான் முன்னால் தன்னை முட்டாளாக்கிவிட்டாளாம். நெற்றிக் காயத்துக்கு மாடிப்படியில் விழுந்தேன் என்று எதிர் வீட்டு ஸஹ்லாவிடம் பல்கீஸ் சொன்னாள். மூன்று மாதத்தில் எத்தனை தடவைதான் ஒரு பெண் மாடிப்படியில் விழுவாள் என்று ஸஹ்லாவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் ஓவன் மறுபடி செத்துக் கிடந்தது. இன்றைக்கு உதடு ஏற்கெனவே வெடித்திருந்தது, காலையில் தேநீர் ஆறிப்போன கணக்கில். சாயங்காலத்துக்குள் இந்தச் சனியனைப் பழகிக்கொள்ளாவிட்டால் எலும்பு மிஞ்சாது என்று பயந்தாள். பழகிவிட்டால் போதும், அவன் அடிக்க எதுவும் இருக்காது. அந்த ஒரே நினைப்பில் செல்போனை எடுத்து, ஓவன் முகப்பைப் படம் பிடித்து, அபுதாபியிலிருந்த ஜஹ்ராவுக்கு அனுப்பினாள். ஜஹ்ரா நவாஸின் கூடப்பிறந்த அக்கா. அவளிடமும் இதே ஓவன் இருந்தது.

'லாத்தா, இந்தப் படமெல்லாம் என்னன்னு ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல.'

ஜஹ்ரா அந்தப் படத்தின்மேலேயே சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினாள். பின்னாலேயே அவள் குரலும் வந்தது.

"கேளும்மா. மூணு அலை வரைஞ்சிருக்குல்லா, அதுதான் சாதாரணச் சூடு. ஆறுன சோறு குழம்பு எல்லாம் அதுலதான். அத அமுக்கி, திருகுமுட்டியத் திருப்பி நேரம் வச்சி, ஓட்டுற பட்டன அமுக்கணும். சில்வர் பாத்திரம் மட்டும் வச்சிராத, பொறி பறக்கும். மேல ஒரு கோடும் கீழ வளைவு வளைவாவும் இருக்கே, அது தணல். மேலருந்து எறங்கும், மீன் பொரிக்கலாம். காத்தாடி போட்டது உள்ள சூட்டுக் காத்தச் சுத்தி விடும், கேக்குக்கும் முழுக் கோழிக்கும். பனிப்பூ, பிரிட்ஜில ஒறஞ்சத எளக்குறதுக்கு. அது ஒங்கிட்ட நேரம் கேக்காது, எடையத்தான் கேக்கும். கிராம் வச்சா நேரத்த அதுவே போட்டுக்கும். மீன் படம், கோழிக்கால் படமும் அப்படித்தான்."

பல்கீஸ் ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மணி போட்ட கடிகாரம் இருக்கே, அது வெறும் அலாரம். அது ஓடும்போது உள்ள தட்டும் சுத்தாது, சூடும் வராது. நேரம் முடிஞ்சா கத்தும், அம்புட்டுதான். நீ அத அமுக்கிட்டுச் சூடாவுதுன்னு நெனச்சியாக்கும்."

வெடித்த உதட்டோடு பல்கீஸ் சிரித்துவிட்டாள். இவ்வளவுதானா? இந்த ஒரு மணிப் படத்துக்காகவா கன்னம் வீங்கியது? தெரியாமல் செய்த தப்புதானே, இனி செய்யமாட்டேனே என்று நெஞ்சு லேசாகிவிட்டது. பாவம், இன்னும் அவன் பக்கத்து நியாயத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு பாரு. மணி காட்டுற எடத்துல ஓரமா ஒரு குட்டிச் சாவி எரியுது. அது சின்னப் புள்ளைங்க தொட்டுரக் கூடாதுன்னு போடுற பூட்டு. அது விழுந்துட்டா கதவு தொறக்கும், வெளக்கு எரியும், எந்தப் பட்டனும் கேக்காது. கெட்டதுன்னு நெனச்சிராத. நிறுத்துற பட்டன விடாம அமுக்கிப் புடி. மூணு எண்ணு."

பல்கீஸ் அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பீப் என்றது. சாவி மறைந்தது. அலைப் படத்தைத் தொட்டாள். ஓவன் உயிரோடு எழுந்தது.

சந்தோஷத்தில் கேட்டாள்: 'இந்தச் சாவி எப்படி லாத்தா விழுந்திச்சி? நான் துடைக்கும்போது கை பட்டிருக்குமோ?'

"கை பட்டா விழாது. எடுத்த மாதிரியேதான் போடணும், விடாம அமுக்கி. வீட்டுல சின்னப் புள்ளைங்க யாரும் உண்டா?"

வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது. காலையில் நவாஸ் தேநீர் டம்ளரோடு ஓவனில் சாய்ந்து நின்றது பல்கீஸின் கண்முன் வந்தது. கட்டைவிரலை முகப்பில் ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பீப் சத்தம் கேட்டது. மணியைச் சரிசெய்கிறான் என்று நினைத்திருந்தாள். மெக்கானிக் வருவதற்கு முன்னாலும் அப்படித்தான் நின்றான்.

வெகுநேரம் கழித்து ஜஹ்ராவின் குரல் வந்தது, முன்னைவிடத் தணிந்து.

"பல்கீஸ், அவன் ஒன்ன அடிக்கானா?"

அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு எடுக்கப் போனாள். இப்போதும் ஒரு நப்பாசை இருந்தது. சோற்றை ஆவி பறக்க வைத்துக் கொடுத்தால், தெரிந்துகொண்டேன் என்று சொன்னால், வெட்கப்பட்டாவது விட்டுவிடுவான் அல்லவா.

சாயங்காலம் நாலரைக்கு நவாஸ் வந்தான். உட்கார்ந்ததும் தட்டு வந்தது. ஆவியைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. எழுந்துபோய் ஓவனைப் பார்த்தான்.

"எப்படி ஓடிச்சி?"

"சாவிய எடுத்துட்டேன். நிறுத்துற பட்டன அமுக்கிப் புடிக்கணுமாமே." பல்கீஸ் அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பூட்டுனது நீங்கதானே."

அவன் தட்டை எடுத்து வீச, கொதிக்கிற குழம்பு அவள் கையில் வந்து விழுந்தது. அலறுவதற்குள் முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் முகத்தை ஓவன் கதவில் அறைந்தான். மூக்கில் ரத்தம் கொட்டியது. கீழே விழுந்தவளை விலாவில் மிதித்தான்.

"என் ஓவன்ல கை வைக்க ஒனக்கு எவ சொல்லிக் குடுத்தா? ஏளா, சொல்லு."

ஜஹ்ராவின் பேரை இவன் வாயில் போட அவளுக்கு மனசில்லை. அவன் மூச்சு வாங்க நிமிர்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தும் பட்டனை அமுக்கிப் பிடித்தான். பீப் என்றது. சாவி எரிந்தது.

"இப்பத் தொறந்து பாரு. வெரல முறிச்சிருவேன்."

சட்டையில் தெறித்த குழம்பைத் துடைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்ற தைரியம்.

பல்கீஸ் குழாயடியில் உட்கார்ந்து வெந்த கைமேல் தண்ணீரை விட்டாள். சூடு இல்லாததற்கும் அடி, சூடாக இருந்ததற்கும் அடி. ஓவனில் குற்றமில்லை, அவளிடமும் குற்றமில்லை. தப்பே இல்லாத இடத்தில் தப்பை உண்டாக்கி வைத்துவிட்டு, அவள் வந்து அதில் மாட்டுவதற்காகத் தேநீர் குடித்துக்கொண்டே காத்திருந்திருக்கிறான். அதுவும் அவள் வாப்பா கட்டிய சுவரில் அவள் தலையை மோதிக்கொண்டு. அவளுக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது.

எழுந்தாள். அவன் சட்டைகளை அள்ளி அவனுடைய இரண்டு பெட்டிகளிலும் திணித்து வாசலுக்கு வெளியே வைத்தாள். ஓவன் பிளக்கைப் பிடுங்கினாள். நல்ல கையால் அதைப் போர்வைமேல் இறக்கி, விலா வலிக்க வலிக்க இழுத்துக்கொண்டுபோய்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் விட்டாள். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் இரண்டையும் போட்டாள். உம்மாவுக்குப் போன் செய்து, "உடனே வாங்க, வாப்பாவையும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவர்களுக்கு முன்னால் அவன் வந்துவிட்டான். கடையைச் சாத்துவதற்கு முன்பே யாரோ சொல்லியிருக்க வேண்டும், வீட்டுச் சாமான் தெருவில் கிடக்கிறது என்று.

"ஏளா, கதவத் தொற."

"ஒங்க சாமான் எல்லாம் அங்கன இருக்கு. சரிபாத்துக்குங்க. இது என் வீடு."

கதவில் உதை விழுந்தது. வாப்பா பார்த்துப் பார்த்து வாங்கிய தேக்கு, அது அசையவில்லை. முடுக்கு நெடுக ஜன்னல்கள் திறந்தன. உம்மா பேரையும் வாப்பா பேரையும் சேர்த்துக் கெட்ட வார்த்தையில் இழுத்தான். தோளால் மோதினான். பிறகு ஓவனைத் தலைக்குமேல் தூக்கிக் கதவில் எறிந்தான். கண்ணாடி சிதறியது. ஒரு சில் அவன் முன்கையைக் கீறிக்கொண்டு போனது. அவன் அப்போதும் விடாமல், ரத்தம் ஒழுக ஒழுக, விழுந்து கிடந்ததை எடுத்து இன்னொரு முறை அடித்தான். முகப்பு பெயர்ந்து வயரில் தொங்கியது.

எதிர் ஜன்னலிலிருந்து ஸஹ்லாவின் குரல் கேட்டது. "நல்லாக் கெடந்த ஓவனப் போட்டு ஒடைக்கானே. இவனா இத்தன நாளும் அந்தப் புள்ள ஒடச்சிட்டான்னு சொன்னான்?"

நவாஸ் நிமிர்ந்து பார்த்தான். எல்லா ஜன்னலிலும் ஆள் இருந்தது. முடுக்கு முனையில் பல்கீஸின் வாப்பா வீங்கிய காலை இழுத்து இழுத்து வேகமாக வந்துகொண்டிருந்தார்.

பல்கீஸ் மாடி ஜன்னலிலிருந்து, கீழே கிடந்த முகப்பைப் படம் பிடித்தாள். மத்தியானம் அனுப்பிய படத்துக்குக் கீழேயே ஜஹ்ராவுக்கு அனுப்பினாள்.

'இப்பத்தான் லாத்தா நெசமாவே கெட்டுப்போச்சி. நான் ஒடைக்கல.'

பிறகு வாப்பாவுக்குக் கதவைத் திறந்துவிடக் கீழே இறங்கினாள்.