மூன்று இலக்கம்

குணசேகரனுக்கு மெஹ்னாஸைக் கண்டாலே வயிறு எரியும். கப்பல் ரேடியோ வேலையில் அவனுக்குப் பத்தொன்பது வருஷம், அவளுக்கு மூன்றே வருஷம். ஆனாலும் எந்த கேப்டன் போன் போட்டாலும் "அந்த மேடம் வருவாங்களா?" என்றுதான் கேட்கிறான். ராயபுரத்துக் கடை முதலாளி அமீருதீன் பாயும் அவளைத்தான் அனுப்புகிறார். பாய்க்கு இனி வெளிவேலை முடியாது. இந்த மாதம் யாராவது ஒருவரைத் தலைமை டெக்னீஷியனாகப் போடப்போகிறார். அந்த நாற்காலி தன்னுடையது என்று குணா எப்போதோ முடிவு கட்டியிருந்தான்.

அன்று எண்ணூர் துறைமுகத்தில் நின்றது ஒரு நிலக்கரிக் கப்பல். பனாமா கொடியில் ஓடிக்கொண்டிருந்ததை நம்மூர் கம்பெனி ஒன்று வாங்கி இந்தியக் கொடிக்கு மாற்றியிருந்தது. கொடியை மாற்றினால் போதாது, ரேடியோ எண்ணையும் மாற்ற வேண்டும். ஒன்பது இலக்கத்தில் முதல் மூன்றுதான் நாடு. பழைய எண் 356-ல் தொடங்கும், அது பனாமா. புதியது 419, இந்தியா. கப்பலில் இருக்கும் ஒவ்வொரு ரேடியோப் பெட்டியிலும் அதை ஏற்ற வேண்டும். மதியம் கப்பலைச் சோதிக்கும் சர்வேயர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சாயங்காலம் கப்பல் கிளம்ப முடியும்.

பெட்டிகளெல்லாம் மெஹ்னாஸுக்கு. குணாவுக்குக் கிடைத்தது அபாய பீக்கன் ஒன்றுதான். கப்பல் மூழ்கினால் தானே கழன்று மிதந்து செயற்கைக்கோளைக் கூப்பிடுகிற கருவி அது. அந்த மூன்று இலக்கத்தை வைத்துத்தான் எந்த நாட்டுப் பதிவேட்டில் தேடுவது என்று மீட்புக்காரர்களுக்குத் தெரியும். முதல் நாளே கடையில் எண்ணை ஏற்றி, மேலே புது ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டான். மிச்சம் மீதி வேலை எனக்கு, மரியாதை அவளுக்கு என்று நாள் முழுக்கப் பொருமிக்கொண்டே செய்த வேலை.

காலையில் பீக்கனையும் அதைச் சோதிக்கும் மீட்டரையும் அவள்தான் கடையிலிருந்து எடுத்து வரவேண்டும். ஒன்பது மணிக்கு வரவேண்டியவள் பத்தரைக்கு வந்தாள்.

"இன்னாமா, மகாராணி இப்பத்தான் வந்துகினு கீறியா?" என்றான் குணா.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சி, அண்ணே," என்று பீக்கனை அவனிடம் கொடுத்துவிட்டு மேலே ஓடினாள்.

பீக்கனை மாட்டிவிட்டு அவன் கப்பலோட்டும் அறைக்குப் போனபோது அவள் அரக்கப்பரக்க இரண்டாவது வி.எச்.எஃப். ரேடியோப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். அவள் நகர்ந்ததும் அவன் அதை அணைத்துப் போட்டுப் பார்த்தான். திரையில் வந்த எண் 356-ல் தொடங்கியது. அவசரத்தில் சேமிக்காமலே விட்டுவிட்டாள். சொன்னால் ஐந்து நிமிஷ வேலை. குணாவின் நெஞ்சுக்குள் ஜில்லென்றது. சொல்லவில்லை.

சர்வேயர் சங்கமித்ரா வந்தார். முதலில் கடை மீட்டரை வாங்கி பீக்கனைச் சோதித்தார். "419. ரொம்ப சுத்தமான வேலை," என்று குணாவைப் பார்த்துச் சொன்னார். அடுத்து பெட்டிகள். இரண்டாவதைப் போட்டதும் அவர் முகம் மாறியது.

"இது இன்னும் பனாமான்னு சொல்லுதே. எனக்கு அடுத்த கப்பல் காத்திருக்கு. முழுசா முடிச்சிட்டு நாளைக்குக் கூப்பிடுங்க."

கப்பல் அன்று போகவில்லை. போனில் பாய் கத்தியது மெஹ்னாஸின் காதைத் தாண்டி குணாவுக்கும் கேட்டது. "ஒன்றரை மணி நேரம் எங்கமா போயிருந்தே?" "மன்னிச்சிடுங்க பாய்," என்று அவள் போனை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைத் திரும்பத் திறந்தாள்.

சாயங்காலம் கடையில் பாய் குணாவின் தோளில் தட்டினார். "இனிமே நீதான்டா ஹெட்டு. சோதனை ரிப்போர்ட்டை எடுத்து ஃபைல்ல வை."

பீக்கனைச் சோதிக்கும் மீட்டர் ஒவ்வொரு சோதனையையும் நேரத்தோடு பதிந்து வைத்துக்கொள்ளும். குணா விசில் அடித்தபடி பொத்தானை அழுத்தினான். சர்வேயருடையதுதான் கடைசிப் பதிவு. அதற்கு முன்பு இன்னும் இரண்டு இருந்தன, இரண்டும் அன்று காலையிலேயே.

8.20: 356, பனாமா.

9.35: 419, இந்தியா.

விசில் நின்றது. முந்தின நாள் ஸ்டிக்கரை ஒட்டினான், சரி. ஏற்றிய எண் பதிந்ததா? ஏற்றியபின் மீட்டரில் படித்துப் பார்ப்பதுதான் கடையின் சட்டம். பொருமலில் அதைச் செய்யவில்லை. காலை எட்டு இருபதுக்கு அவன் டோல்கேட்டில் டீ குடித்துக்கொண்டு, இன்றைக்காவது அவள் கவிழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் கடையில் பீக்கன் இருந்தது மெஹ்னாஸின் கையில்.

மூலையில் மெஹ்னாஸ் பையில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் கையில் இருந்த மீட்டரைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏம்மா சொல்லல?" என்றான் குணா.

"பத்தொன்பது வருஷம் அண்ணே உனக்கு. இதை எப்டி நான் பாய் கிட்ட போய் சொல்றது?"

அவளை அவன் அன்றுபோல் என்றும் வெறுத்ததில்லை. இரண்டு பதிவையும் அழித்துவிட ஒரே பொத்தான்தான். விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு மீட்டரை எடுத்துக்கொண்டு போய் முதலாளியின் மேஜையில் வைத்தான்.

"பாய், இத்தப் படி. அப்பால நான் பாத்தும் சொல்லாத இன்னொண்ணு கீது, அதையும் சொல்றேன்."